தோடு பொருந்தாவிட்டால் பொய் முகமா?

வெள்ளவத்தை ரமணன்:
கனடாவில் தாதியாக இருப்பதாகச் சொல்லும் ஒரு பெண்ணிடமிருந்து என் மச்சானுக்கு முகநூலில் நட்பு வேண்டுகோள் வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது காதில் கல்லுத் தோடு, வலது காதில் வளையம். கணினி உண்டாக்கிய முகம், சந்தேகமே இல்லை. தோடு பொருந்தாவிட்டால் பொய், பொருந்தினால் உண்மையான ஆள். எல்லாருக்கும் அனுப்புங்கள், இனி யாரும் ஏமாற மாட்டார்கள்.

நிழற்பிரதி:
தயவுசெய்து அனுப்பாதீர்கள். முதல் பாதி அரைகுறை, இரண்டாம் பாதி ஆபத்து. கலியாணப் படங்களைத் திருத்துவது என் தொழில். ஒரு நாளில் எத்தனை காதுகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

தோடு ஏன் மாறுகிறது என்பதை முதலில் பாருங்கள். என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் 2018 டிசம்பரில், இல்லாத முகங்களைக் கணினியில் உண்டாக்கும் ஸ்டைல்கேன் என்ற முறையை வெளியிட்டார்கள். 2019 பெப்ரவரியில் அதை வைத்து thispersondoesnotexist.com என்ற தளம் வந்தது. திறக்கும் போதெல்லாம் இல்லாத ஒருவருடைய முகம் வரும். அந்த முறை பிளிக்கரிலிருந்து எடுத்த 70,000 முகப்படங்களில் பயின்றது. கண் இரண்டும் கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் தெரியும். காது அப்படியில்லை. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும், ஒரு காது முடிக்குள் இருக்கும். அதனால் காதில் ஏதோ மினுங்க வேண்டும் என்று அது கற்றது. இந்தக் காதில் உள்ளதுதான் அந்தக் காதிலும் இருக்க வேண்டும் என்பதைச் சரியாகக் கற்கவில்லை. ஆனால் சோடியாக வந்து விழும் படங்களும் ஏராளம். அப்படியானால் 'பொருந்தினால் உண்மையான ஆள்' எங்கே போகிறது?

வெள்ளவத்தை ரமணன்:
வரலாறு நல்லது அண்ணை. ஆனால் இந்தப் படத்தில் தோடு பொருந்தவில்லையே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
எனக்கு இந்தத் 'தோடு பார்க்கும்' கூட்டத்தின் மேல் கோபம். பேருந்தில் ஒரு பக்கத் தோட்டின் திருகு கழன்று விழுந்துவிட்டது. மற்றதோடு மட்டும் ஒரு விழாவில் படம் எடுத்து முகநூலில் போட்டேன். யாரோ ஒருவர் பொய் முகம் என்று முறையிட்டு, என் கணக்கு முடங்கிவிட்டது. அடையாள அட்டை அனுப்பித்தான் திரும்பப் பெற்றேன். அதில் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் இருந்தன. ரமணன் தம்பி, உங்கள் விதிப்படி நான் பிறக்கவே இல்லை.

தம்பிமுத்து:
அக்கா, முடங்கிய கணக்கைத் திரும்ப எடுக்க அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் அனுப்ப வேணுமா? என்னுடையதும் போய்விட்டது.

செட்டியார் தெரு:
நான் நகைக்கடையில் இருக்கிறேன், பரம்பரைத் தொழில். கையால் செய்த தோட்டில் இரண்டும் அச்சடித்த மாதிரி இருக்காது. ஒன்றில் கல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். காதுத் துளையும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்காது. சோடியா என்று பார்ப்பது தொழில் தெரியாதவர் வேலை. தோடு காதில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உண்மையான வளையத்துக்குக் கம்பி துளைக்குள் போகும் இடம் ஒன்று இருக்கும், பாரத்தால் சோணை கொஞ்சம் கீழே இழுபடும். பொய்ப்படத்தில் உலோகம் தோலோடு உருகி ஒட்டியிருக்கும், கம்பி எங்கேயிருந்தோ தொடங்கி எங்கேயோ முடியும். ரமணன் போட்ட படத்தில் வளையத்தின் மேல்பக்கம் சோணைக்குள்ளேயே கரைந்துவிட்டது. இதற்குமேல் சான்று தேவையில்லை.

நிழற்பிரதி:
அண்ணை சொல்வதில் பாதி சரி. தொங்கும் இடத்தைப் பார்ப்பது சோடி பார்ப்பதைவிட நல்லது. ஆனால் ரமணன் போட்டிருப்பது வாட்ஸப்பில் கைமாறிய திரைப்பிடிப்பு. ஒவ்வொரு தடவையும் படம் சுருங்கும். காது முழுக்க நகத்தளவு கட்டங்களாகிவிட்ட பிறகு, உண்மையான வளையமும் தோலில் கரைந்துதான் தெரியும். மூலப் படம் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது எல்லாரும் கைபேசியில் போர்ட்ரெய்ட் முறையில் எடுக்கிறார்கள். முகம் எது, பின்னணி எது என்று கைபேசியே பிரித்துப் பின்னணியை மங்கலாக்குகிறது. அந்த வெட்டு தலைமுடி ஓரத்தில்தான் தடுமாறும். பறக்கும் முடி இழை பாதியில் மறையும், தொங்கும் தோட்டின் ஓரம் பின்னணியோடு சேர்ந்து மங்கும். முகத்தை ஒடுக்கும் அழகுச் செயலி போட்டால் தாடைக்குப் பின்னால் உள்ள கதவு நிலை வளையும். தோடு, முடி, பின்னணி மூன்றும் பழுதாக இருந்தும் ஆள் உண்மையாக இருக்கலாம். வாரத்துக்கு ஒரு கலியாண வீட்டுப் படத்திலாவது இதைப் பார்க்கிறேன்.

வெள்ளவத்தை ரமணன்:
கலியாணப் படத்தில் மூக்கை நேராக்கி, தோலை வெளுப்பாக்கி விற்பவர் வந்து பொய் முகம் பற்றிப் பாடம் எடுக்கிறார். சரி சரி. தோடு பொருந்தவில்லை.

நிழற்பிரதி:
மூக்கை நேராக்கச் சொல்வது பொம்பிளை வீட்டார். அதை வேறு இடத்தில் கதைப்போம்.

உங்கள் படத்துக்கே வருகிறேன். நீங்கள் சொன்ன கணக்கைத் திறந்து, முகப்புப் படத்தை அது கிடைக்கும் முழு அளவில் இறக்கிப் பார்த்தேன். வலது நெற்றியோரத்திலிருந்து ஒரு கற்றை முடி கன்னத்தின் மேல் வருகிறது, நடுவில் தோலாக மாறுகிறது, வளையத்துக்குக் கீழே மறுபடி முடியாகத் தொடங்குகிறது. கைபேசி மங்கலாக்கினால் முகத்தின் வெளியோரத்தில்தான் பழுது வரும், கன்னத்தின் நடுவில் வராது. அடுத்தது பின்னணி. தலைக்கு இடப்பக்கம் ஒரு சட்டம் மாதிரிக் கிடைக்கோடு வருகிறது, வலப்பக்கம் அதே உயரத்தில் அது இல்லை. அழகுச் செயலி கோட்டை வளைக்கும், இல்லாமலாக்காது. இடது மூலையில் தோள் மாதிரி ஒன்று, அதன் மேல் சதை நிறத்தில் ஒரு பிசைந்த உருண்டை. பயிற்சிப் படங்களை முகத்தை நடுவில் வைத்து வெட்டியபோது பக்கத்தில் நின்றவர்களின் துண்டுகளும் உள்ளே வந்தன. அதனால் இந்த முறை ஓரத்தில் இப்படிச் சிதைந்த ஆட்களை உண்டாக்கும்.

இவ்வளவையும்விட எனக்குப் பலமாகப் படுவது கண்தான். 70,000 படங்களையும் கண், வாய் இருக்கும் இடம் பார்த்து ஒரே மாதிரி நிமிர்த்தி வெட்டினார்கள். அதனால் அந்த முறையில் வரும் முகங்களுக்கெல்லாம் இரு கண்ணும் சதுரத்தின் நடு உயரத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்கும். இந்தப் படத்திலும் அப்படித்தான். ஆனால் கடவுச்சீட்டுப் படம் எடுப்பவரும் கண்ணை நடுவில்தான் வைப்பார், ஒரு படம் பொருந்துவது பெரிய விடயமில்லை. அந்தக் கணக்கின் நண்பர்களில் ஒரே கிழமையில் தொடங்கிய சில கணக்குகள் இருந்தன. அவர்களுடைய முகப்புப் படங்களைப் பாதி தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். முடி, காது, தோள் எல்லாம் கலங்கிப் போயின, கண் மட்டும் கலங்காமல் நின்றது. வேறு வேறு ஊரில், வேறு வேறு கைபேசியில் எடுத்த படங்களில் அப்படி நடக்காது.

வெள்ளவத்தை ரமணன்:
அப்ப கடைசியில் பொய்தானே! நான் தோட்டை வைத்துச் சொன்னதைத்தான் நீங்கள் ஒரு பக்கம் எழுதிச் சொல்கிறீர்கள்.

நிழற்பிரதி:
இல்லை. இந்தப் படம் பொய் என்பது சரி, உங்கள் விதி பிழை. நாளைக்கு அதே கூட்டம் படத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு பக்கம் வெட்டிப் போட்டால் கண் சோதனையே வேலை செய்யாது. காதை வெட்டிவிட்டால் உங்கள் தோடும் இல்லை. 2022 இல், எழுத்தில் கேட்டதைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன், மிட்ஜேர்னி வந்த பிறகு முகம் மட்டுமில்லை, முழு அறையும் வருகிறது, கண் நடுவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அதே 2022 இல் நைட்டிங்கேல், ஃபாரிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்டைல்கேன் இரண்டாம் பதிப்பின் முகங்களை உண்மையான முகங்களோடு கலந்து காட்டிச் சோதித்தார்கள். பார்த்தவர்கள் சரியாகச் சொன்னது சராசரி 48 சதவீதம், காசு சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, சொன்னது சரியா பிழையா என்று ஒவ்வொரு முறையும் காட்டிய பிறகும் 59 தான். தோடு ஒன்று போதும் என்று சொல்பவர் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
என்னுடைய கணக்கை முறையிட்டவரும் 'நான் பார்த்தாலே கண்டுபிடிப்பேன்' என்றுதான் எழுதியிருந்தார். மன்னிப்பு இதுவரை இல்லை.

இன்னொன்றையும் யாரும் கதைக்கவில்லை. என் தங்கைக்கு வந்த பொய் மாப்பிள்ளையின் படம் ஒரு உண்மையான ஆளுடையது, வேறொருவரின் பக்கத்தில் களவெடுத்தது. அதில் எந்தப் பழுதும் இல்லை, ஏனென்றால் அது உண்மையான படம். படத்தைக் கூகிளில் போட்டுத் தேடியபோதுதான் மூலப் பக்கம் கிடைத்தது.

நிழற்பிரதி:
அக்கா சொன்னதுதான் நம் ஊரில் நான் கூடுதலாகக் காண்பதும். பொய் முகம் போடுபவர்கள் இந்தத் தேடலில் சிக்காமல் இருக்கத்தான் கணினி முகத்துக்குப் போகிறார்கள். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆள் உண்மை என்றும் எடுக்க முடியாது. அதே ஆளை வேறு பக்கத்திலிருந்து, வேறு நாளில் எடுத்த படம் கேளுங்கள். ரமணன் காட்டிய கணக்கில் இருப்பது ஒரே ஒரு முகப்படம், மிச்சமெல்லாம் பூவும் கடவுள் படமும்.

தம்பிமுத்து:
கடவுள் படம் போட்டால் கணக்கை முடக்குவார்களா?

செட்டியார் தெரு:
நீங்கள் எல்லாரும் கணினியைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் மறுபடி சொல்கிறேன், சோணையைப் பாருங்கள். பாரமான வளையம் போட்ட காது எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணின் காதில் பாரமே இல்லை. அதைச் சொல்ல முழு அளவுப் படம் தேவையில்லை, திரைப்பிடிப்பே போதும்.

நிழற்பிரதி:
உள்ளே பொள்ளலான, பாரமில்லாத வளையங்களைத்தானே இப்போது உங்கள் தெருவிலேயே அதிகம் விற்கிறார்கள்? அதைப் போட்ட காதும் இழுபடாது.

செட்டியார் தெரு:
எங்கள் கடையில் பொள்ளல் வளையம் விற்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் விற்பதற்கு என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள். போன வருடம் மூக்குத்தி விடயத்திலும் இப்படித்தான் எனக்குத் தொழில் சொல்லித்தர வந்தீர்கள்.

வெள்ளவத்தை ரமணன்:
மச்சான் அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டானாம். வேறு படம் இல்லை, கைபேசி உடைந்துவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. தோட்டைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நிழற்பிரதி:
தோட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்! அடுத்த படத்தில் காதை மறைத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துவிட்டு நீங்களே உண்மை என்று எழுதுவீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். அதையும் இப்போது ஏமாற்றலாம்தான், ஆனால் இவ்வளவு மலிவான கணக்கு வைத்திருப்பவர் அவ்வளவு பாடுபடுவார் என்று நான் நினைக்கவில்லை.

செட்டியார் தெரு:
வீடியோ அழைப்பில் வந்தால் சோணையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.