பயிர் அறுவடைப் பரிசோதனைக் கணக்கில் உற்பத்தி ஏன் இவ்வளவு கூடுதலாக வருகிறது?

நெல்மணி: வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கணக்கு. ஒரு மாவட்டத்தில் இரண்டு வட்டாரங்கள். முதலாவதில் நெல் 3,000 ஹெக்டேர், தேர்ந்த வயல்களில் 5 மீ × 5 மீ துண்டை அறுத்து எடுத்த நெல்லின் சராசரி எடை 12 கிலோ. அடுத்ததில் 9,000 ஹெக்டேர், 9 கிலோ. சராசரி 10.5 கிலோ. துண்டு 25 சதுர மீட்டர் என்பதால் 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 4,200 கிலோ. மொத்தம் 50,400 டன். விடைத்தாளில் 28,080 டன். எங்கே இடிக்கிறது?

வரப்பு: பரிசோதனைகள் போதாது. நிறைய வயல்களில் அறுத்தால் சரியாகிவிடும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்: எண்ணிக்கை குறைந்தால் மதிப்பீடு மேலும் கீழும் ஆடும், அது சரி. இங்கே அது காரணம் இல்லை. ஈர எடையைக் காயவைத்த விவரம் கணக்கில் இருக்கிறதாம்மா?

நெல்மணி: இருக்கிறது சார். 1 கிலோ மாதிரி காய்ந்தபின் 900 கிராம். நெல்லில் மூன்றில் இரண்டு பங்கு அரிசி என்றும் கடைசி வரியில் உள்ளது.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்: அப்படியானால் மூன்று இடத்தில் விலகியிருக்கிறீர்கள். 9,000 ஹெக்டேருக்கும் 3,000 ஹெக்டேருக்கும் ஒரே எடைமானம் தரக் கூடாது. பரப்பை வைத்துச் சராசரி எடுத்தால் 9.75 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 3,900. காய்ந்த நெல் அதில் 0.9 பங்கு, 3,510. 12,000 ஹெக்டேருக்கு 42,120 டன் நெல். அரிசியாக 28,080. பயிற்சித்தாள் கேட்டது அரிசி.

களத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். வயலின் மூலையிலிருந்து எத்தனை அடி நடந்து துண்டைத் தொடங்குவது என்பதைச் சமவாய்ப்பு எண் முடிவு செய்ய வேண்டும், நம் கண் அல்ல. நான்கு முளை அடித்தபின் குறுக்கே அளந்தால் 7.07 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் மூலை சாய்ந்திருக்கிறது. கயிற்றின் மேல் நிற்கும் பயிரையெல்லாம் உள்ளே சேர்ப்பதும் வழக்கமான தவறு. 20 செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் ஒரு வரிசையும் அகலவாக்கில் ஒரு வரிசையும் கூடினால் 5.2 × 5.2, அதாவது 27.04 சதுர மீட்டர். விளைச்சல் 8 சதவீதம் ஏறிவிடும். துண்டு சிறிதாக இருந்தால் இந்த ஓரப் பிழை இன்னும் பெரிது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் பயன்படுத்திய சிறு துண்டுகளை இன்னொரு புள்ளியியல் அறிஞரான சுகாத்மேயின் தரப்பு எதிர்த்ததும் இதனால்தான்.

கீழ்க்கரை: என் வயல் மூழ்கிப்போச்சு, காப்பீடு வரல. யாரும் வந்து அறுத்துப் பார்க்கவே இல்லையே?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்: வருத்தமாக இருக்கிறது ஐயா. உங்கள் வயலைத் தனியாக அளப்பதல்ல இது. காப்பீட்டுக்கும் அந்தப் பகுதி முழுமைக்குமான சராசரியையே எடுப்பார்கள், பக்கத்து வயல்கள் விளைந்திருந்தால் உங்கள் இழப்பு அதில் மறைந்துவிடும். தனிவயல் இழப்புக்கு உரிய நேரத்தில் புகார் தந்தீர்களா என்பது வேறு விஷயம்.

நெல்மணி: நன்றி சார், கணக்கு வந்துவிட்டது. தேர்வான வயலில் நாம் போகுமுன் அறுவடை எந்திரம் இறங்கிவிட்டால்?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்: விதிப்படி அடுத்த எண்ணுள்ள வயலுக்கு மாற வேண்டும். ஆனால் முந்தி அறுத்தவை குறுகிய கால ரகமாக இருந்தால் மிச்சமிருப்பவை வேறு மாதிரி விளையும். அந்தச் சாய்வை எப்படிச் சரிசெய்வது என்பதற்கு எனக்குத் திருப்தியான வழி தெரியவில்லை.