மறுஒளிபரப்புக் கடிதம்: சேனலுக்கா, தயாரிப்பாளருக்கா?

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 1990களில் வாரம் ஒருமுறை, 13 வாரம் வந்த ஒரு தொடரை மறுபடி போடச் சொல்லி அந்தச் சேனலின் நிகழ்ச்சிப் பிரிவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். தொடரின் பெயர், ஒளிபரப்பான ஆண்டு, கிழமை, நேரம், இயக்குநர் பெயர் எல்லாம் குறிப்பிட்டிருந்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதை ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் பதிவு செய்த வீடியோ கேசட் ஒன்று கிடைத்தது. படம் முழுக்க வெள்ளைக் கோடு. ஆனாலும் கடைசி டைட்டிலில் ஒரு தனியார் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட ஸ்பான்சர் தொடர்களில் உரிமை தயாரிப்பாளரிடமே இருப்பதுண்டு. ஒப்பந்தம் முடிந்திருந்தால் சேனல் தானாக மறுபடி போட முடியாது. அந்த நிறுவனம் இப்போது இயங்கவில்லை.

இந்த நிலையில் அடுத்த கடிதத்தை யார் பெயருக்கு அனுப்ப வேண்டும்?