கீழ்த்தள வகுப்பறை கேட்டு அதிபருக்குக் கடிதம்: இப்படிக் கொடுக்கலாமா?

திருமலை கணித டீச்சர்:
ஆறாவது மாதம் நடக்கிறது. நகரத்துக்கு வெளியே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று தளக் கட்டடம். என் வகுப்பு 8பி மேல்தளத்தில். அதிபருக்கு எழுதியது இது:

"மதிப்புக்குரிய அதிபர் அவர்கட்கு, நான் தற்போது கர்ப்பமாக உள்ளதால் மாடிப்படிகளில் ஏறி இறங்குவது மிகவும் கஷ்டமாக உள்ளது. வைத்தியரும் அடிக்கடி ஏறவேண்டாம் என்று ஆலோசனை கூறியுள்ளார். எனவே எனக்குக் கீழ்த்தளத்தில் வகுப்பறை ஒன்றை ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கொடுக்கலாமா, ஏதாவது மாற்றவேண்டுமா?

உப்புவெளி மாமா:
எங்கள் அம்மா எட்டாம் மாதத்திலும் கிணற்றில் தண்ணீர் அள்ளினவர். படி ஏறினால்தான் பிரசவம் இலகு. உட்கார்ந்து பழகினால் கடைசியில் கஷ்டப்படுவது நீங்கள்தான்.

சுகந்தி அக்கா:
தங்கச்சி, பிரசவ விடுமுறைக்கு ஏன் இவ்வளவு கெஞ்சுகிறீர்கள்? பொது நிர்வாகச் சுற்றறிக்கை 4/2005இல் முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாட்கள் இருக்கிறது. சனி, ஞாயிறு, அரச விடுமுறைகள் அதில் சேராது. அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் 84 நாள் எடுக்கலாம். அதிபர் மறுக்கவே முடியாது.

திருமலை கணித டீச்சர்:
அக்கா, விடுமுறை கேட்கவில்லை. விடுமுறை தொடங்கும் வரை ஒழுங்காக வேலை செய்யத்தான் வழி கேட்கிறேன்.

கிளினிக் நேர்ஸ்:
உப்புவெளி மாமா சொன்னதில் பாதி சரி. சுகமான கர்ப்பத்தில் நடப்பதும் படி ஏறுவதும் தடையில்லை, உடம்பை அசைக்கச் சொல்லித்தான் கிளினிக்கிலும் சொல்வோம். ஆனால் படி ஏறினால் பிரசவம் இலகுவாகும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

உண்மையான பயம் ஏறுவதில் குறைவு, இறங்குவதில்தான் அதிகம். வயிறு முன்னால் வந்ததும் உடம்பின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, மூட்டுகள் தளர்ந்திருக்கும், காலடிப் படி கண்ணுக்குத் தெரியாது. கையில் பதிவேடும் கொப்பிக்கட்டும், காலில் சேலைக் கொசுவம். மாரி காலத்தில் நம் பக்கத்துத் திறந்த மாடிப்படிகளில் சாரல் அடித்து ஈரமாகவே கிடக்கும். வழுக்க இது போதும்.

டீச்சரிடம் ஒரு கேள்வி. வெறும் களைப்பா, அல்லது ஒரு காலைத் தூக்கும்போது அடிவயிற்றுக்குக் கீழே, முன் எலும்பில் வலிக்கிறதா?

திருமலை கணித டீச்சர்:
வலிக்கிறது. கட்டிலில் திரும்பும்போதும் வலிக்கிறது. டொக்டரிடம் சொன்னேன், "படி குறைச்சுக்கொள்ளுங்கோ" என்று வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை.

கிளினிக் நேர்ஸ்:
அப்படியென்றால் அது இடுப்பு எலும்பு இணைப்பில் வரும் வலி. ஒவ்வொரு படியிலும் ஒரு காலில் முழுப் பாரத்தையும் வைப்பதால் படிதான் அதை முதலில் கிளப்பும். குழந்தைக்கு அதனால் ஆபத்தில்லை, ஆனால் உங்களை நடக்கவே விடாமல் செய்யும். ஏறவேண்டி வந்தால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுங்கள். அடுத்த கிளினிக்கில் இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: என்ன வலி, எதைக் குறைக்கவேண்டும், எதுவரை. அட்டையில் குறித்துத் தந்தாலும் போதும். இரத்தக்கசிவு, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, கண் மங்கலோடு தலையிடி, பிள்ளையின் அசைவு குறைவது, இவை வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓய்வுபெற்ற அதிபர்:
கடிதத்தை நானே வாசித்திருந்தால் மேசையில் ஓரமாக வைத்திருப்பேன். மனமில்லாமல் அல்ல. இதை வைத்து என்ன செய்யலாம் என்று அதில் இல்லை. "மிகவும் கஷ்டமாக உள்ளது" என்பது அளவில்லாத சொல். வைத்தியர் சொன்னார் என்கிறீர்கள், தாள் இல்லை. எதுவரை என்றும் இல்லை. திகதி இல்லாத கோரிக்கை என்றால் எந்த அதிபரும் அதை நிரந்தர மாற்றமாகவே நினைப்பார்.

மற்றது, இரண்டாம் நிலைப் பிரிவில் பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பார்கள், ஆசிரியர்தான் மாறுவார். 8பியைக் கீழே கொண்டுவந்தாலும் மற்ற வகுப்புகளுக்கு நீங்கள் மேலே போகத்தானே வேண்டும்? ஒரு நாள் நேரசூசியை எழுதுங்கள், பார்ப்போம்.

திருமலை கணித டீச்சர்:
சேர், செவ்வாய்தான் மோசம். ஓய்வறையும் கழிப்பறையும் கீழ்த்தளத்தில். முதல் பாடவேளை 8பி, மேல்தளம். மூன்றாவது 10ஏ, கீழே. நான்காவது 9ஏ, மேல்தளம். அப்புறம் இடைவேளை. ஆறாவது 11பி, நடுத்தளம். எட்டாவது மறுபடி 8பி. இரண்டு, ஐந்து, ஏழு ஓய்வு.

ஓய்வுபெற்ற அதிபர்:
கீழிருந்து நடுத்தளம் ஒன்று, அங்கிருந்து மேல்தளம் இன்னொன்று என்று எண்ணுங்கள். காலையில் இரண்டு, நான்காவதுக்கு இரண்டு, ஆறாவதுக்கு ஒன்று, எட்டாவதுக்கு இரண்டு. ஆக ஏழு, இறங்குவதும் அதே அளவு. 8பி கீழே வந்தால் ஏழு மூன்றாகும். அதோடு 9ஏயின் நான்காவதையும் ஐந்தாவதையும் மாற்றினால் இடைவேளைக்குப் பிறகு ஒரே தடவை மேலே போய் 9ஏ முடித்து, இறங்கும் வழியில் நடுத்தளத்தில் 11பி எடுத்துவிட்டுக் கீழே வரலாம். அப்போது இரண்டே இரண்டு. 9ஏக்கு ஐந்தாவதில் வரும் ஆசிரியர் நான்காவதில் ஓய்வாக இருந்தால் போதும். ஒரே ஒரு கைமாற்றம்.

அதிபரிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்.

கன்னியா சேர்:
எனக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்கிறேன். 8பி கீழே வந்தால் கீழே இருக்கும் ஒரு வகுப்பு மேலே போகவேண்டும். அது ஆறாம் தரமாக இருந்தால் சின்னக் கதிரை, மேசையெல்லாம் யார் தூக்குவது? எட்டாம் தரப் பிள்ளை அதில் இருக்கமுடியாது. எங்கள் பாடசாலையில் முழங்கால் வலியோடு ஐம்பத்தெட்டு வயது டீச்சர் ஒருவர் எந்தக் கடிதமும் எழுதாமல் மேலே ஏறுகிறார். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துக் கடிதம் வரும். வகுப்பை மாற்றாமல் நேரசூசியை மட்டும் மாற்றலாமே. 8பி இரண்டு பாடவேளையையும் காலையில் சேர்த்து, அடுத்து 9ஏ, அடுத்து 11பி. அதுவும் ஒரே தடவை ஏறினால் சரி.

கிளினிக் நேர்ஸ்:
நாற்பது நிமிடப்படி நான்கு பாடவேளை, 160 நிமிடம். கழிப்பறை கீழே. ஆறாம் மாதத்துப் பெண் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு நிற்கவேண்டுமா? தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு வரும் டீச்சர்மார் நிறையப் பேர். இல்லையென்றால் நடுவில் இறங்கி ஏறுவார், உங்கள் கணக்கு அங்கேயே போச்சு.

கன்னியா சேர்:
சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் முழங்கால் டீச்சர் விஷயம் அப்படியே நிற்கிறது.

ஓய்வுபெற்ற அதிபர்:
அவரும் எழுதட்டும். இது பாடசாலைக்குள் செய்யும் ஒழுங்குதான், வலயத்துக்கு ஓடத் தேவையில்லை. கர்ப்பத்துக்கு முடியும் திகதி உண்டு, அதனால் இணங்குவது சுலபம். தளபாடம் பற்றிச் சொன்னது சரி. அதனால் ஏழாம் அல்லது ஒன்பதாம் தரத்தோடு மாற்றுங்கள், ஆறோடு வேண்டாம். கீழே ஊன்றுகோலோடு ஒரு பிள்ளை இருந்தால் அந்த வகுப்பைத் தொடவே கூடாது.

மூதூர் ஆரம்பப்பிரிவு டீச்சர்:
வகுப்பை மாற்ற முடியாவிட்டால் எங்கள் அறைகளைப் பாருங்கள். முதலாம், இரண்டாம் தரம் பதினொன்றரைக்கே விட்டுவிடும். எட்டாவது பாடவேளையில் அறை வெறுமையாகத்தான் கிடக்கும், 8பி கீழே இறங்கி வரட்டும். எனக்கு மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது பிரதி அதிபர் இப்படித்தான் செய்து தந்தார். ஆனால் பெரிய பிள்ளைகள் என் சுவர்ப் படங்களையெல்லாம் கிழித்துவிட்டார்கள், அந்த எண் அட்டைகளை நான் மறுபடி வெட்டவேண்டி வந்தது.

கன்னியா சேர்:
எட்டாம் தரம் முதலாம் தரத்துக் கதிரையில்? சிரிப்பாக இருக்கிறது.

மூதூர் ஆரம்பப்பிரிவு டீச்சர்:
பாயில் இருந்தார்கள் சேர். கணிதக் கொப்பி மடியில்.

திருமலை கணித டீச்சர்:
எல்லோர் சொன்னதையும் வைத்து மாற்றி எழுதினேன்:

"மதிப்புக்குரிய அதிபர் அவர்கட்கு, நான் ஆறாம் மாதக் கர்ப்பிணி. படி ஏறும்போது இடுப்பு எலும்பு இணைப்பில் வலி ஏற்படுகிறது. கிளினிக் வைத்தியரின் குறிப்பை இணைத்துள்ளேன். செவ்வாய்க்கிழமை தற்போதைய நேரசூசியில் ஏழு தளம் ஏறுகிறேன். என் பிரசவ விடுமுறை தொடங்கும் நாள் வரை மட்டும் பின்வரும் ஒழுங்கைச் செய்துதருமாறு வேண்டுகிறேன். ஒன்று, 8பி வகுப்பைக் கீழ்த்தளத்தில் உள்ள 7ஏ வகுப்போடு இடம் மாற்றுவது. இரு அறைகளின் தளபாடமும் ஒரே அளவு. இரண்டு, செவ்வாயில் 9ஏயின் நான்காம், ஐந்தாம் பாடவேளைகளை மாற்றுவது. விஞ்ஞான ஆசிரியர் சம்மதித்துள்ளார். முதலாவது இயலாவிட்டால், 8பியின் எட்டாம் பாடவேளையை ஆரம்பப்பிரிவு அறையில் நடத்த அனுமதி வேண்டுகிறேன். என் பாடவேளைகளின் எண்ணிக்கையில் குறைப்பு எதுவும் கோரவில்லை."

வைத்தியர் குறிப்பு வியாழன் கிளினிக்கில் கிடைத்தபிறகுதான் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற அதிபர்:
கடைசி வரிதான் காரியம் முடிக்கும். 7ஏ வகுப்பாசிரியரிடம் கடிதம் கொடுக்கும் முன்பே நேரில் பேசுங்கள், அதிபர் வாயால் முதலில் கேட்டால் மனஸ்தாபம் வரும். பகுதித் தலைவர் ஊடாகக் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள்.

உப்புவெளி மாமா:
பிரதி, கையொப்பம் எல்லாம் எதற்கு? அதிபர் என்ன எதிரியா?

ஓய்வுபெற்ற அதிபர்:
அதிபர் மாறிப் போனால் புதியவருக்கு யார் சொல்வது, தம்பி? நான் அப்படிப் பல பாடசாலைக்குப் புதியவராகப் போனவன்.

திருமலை கணித டீச்சர்:
7ஏ வகுப்பாசிரியர்தான் கொஞ்சம் யோசிக்கிறார். மேல்தளத்தில் வெயில் கூரை வழியாக இறங்கும், மின்விசிறியும் ஒன்றுதான் ஓடுகிறது என்கிறார். அது பொய்யும் இல்லை.

கன்னியா சேர்:
இதைத்தான் முதலிலேயே சொன்னேன். அந்த டீச்சருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், மின்விசிறிக்கு.