அங்கதத்தை அப்படியே நம்பி ஏமாந்தவர்கள் இங்கே வாங்க

கடைசி பெஞ்ச்: கல்லூரியில் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-இல் எழுதிய ஒரு சிறுநூலைப் படிக்கக் கொடுத்தார்கள். அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளை ஒரு வயதில் பணக்காரர்களின் சாப்பாட்டுக்கு விற்றால் வறுமை தீரும் என்கிறது. 1,20,000 குழந்தைகளில் 20,000 பேரை இனவிருத்திக்கு விட்டுவிடலாமாம். ‘மனிதனா இவன்’ என்று இரண்டு பக்கம் கொதித்து எழுதிக் கொடுத்தேன். ‘கடைசிப் பகுதியை மறுபடி படி’ என்று மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார் ஆசிரியர். நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மூக்குக்கண்ணாடி: இதில் என்ன இருக்கிறது? அளவுக்கு மீறிப் பேசினால் அங்கதம்.

பழைய பேனா: பாதி சரி. டேனியல் டீஃபோ விஷயத்தில் அது உதவாது. அரசுத் திருச்சபையில் சேராதவர்களைக் கடுமையாக ஒடுக்க வேண்டும் என்று 1702-இல் பெயர் போடாமல் எழுதினார். அவரே அப்படிச் சேராதவர்தான்! எதிராளிகளில் பலர் ‘நம்ம ஆள்’ என்று மெச்சினார்கள். சொந்தக் கூட்டமோ நடுங்கியது. அந்தப் பக்கத்துப் பிரசங்கங்களே அவ்வளவு காரமாக இருந்ததால் அவருடைய மிகை மிகையாகத் தெரியவில்லை. குட்டு உடைந்ததும் 1703-இல் மூன்று நாள் நடுத்தெருவில் கழுத்தையும் கையையும் கட்டையில் மாட்டி நிறுத்தினார்கள்.

ஸ்விஃப்ட் அப்படி விடவில்லை. முடிவுக்குச் சற்று முன்னால், ‘வேறு வழிகளை என்னிடம் பேசாதீர்கள்’ என்று ஒரு பட்டியல் வருகிறது. வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நிலக்கிழார்களுக்கு வரி போடுவது, உள்நாட்டுத் துணியை உடுத்துவது, குடியானவர்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுவது. அத்தனையும் நியாயமான யோசனைகள். உள்நாட்டுத் துணியைப் பற்றி 1720-லேயே அவர் நேரடியாக எழுதியிருக்கிறார். பேசுகிறவன் எதை ஒதுக்குகிறானோ அங்கேதான் எழுதியவர் நிற்கிறார். நான் முதலில் அந்த இடத்தைத்தான் தேடுவேன்.

திங்கள் கூட்டம்: எனக்கு நேர் எதிர். கூட்டங்களைக் கிண்டல் செய்து அலுவலக இதழில் எழுதினேன், ‘அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவு செய்ய வாரம் ஒரு கூட்டம் வேண்டும்’ என்று. மேலாளர் பாராட்டினார். இப்போது திங்கள்தோறும் அந்தக் கூட்டம் நடக்கிறது. நான்தான் குறிப்பெடுக்கிறேன்.

குறள் பித்து: ‘தேவர் அனையர் கயவர்’ என்றதும் புகழ்ச்சி என்றே தோன்றும். ‘அவரும்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று காரணம் வருகிறது பாருங்கள், தேவர்களைப் போலவே இவர்களும் மனம்போனபடி நடக்கிறார்களாம்! புகழைவிட அதற்குச் சொல்லும் காரணத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

மூக்குக்கண்ணாடி: காரணமே சொல்லாமல் புகழ்ந்துவிட்டுப் போனால்?

குறள் பித்து: அப்போது யார் எழுதியது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

கடைசி பெஞ்ச்: பட்டியலை இப்போதுதான் மறுபடி படித்தேன். அன்றைக்கு அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் டீஃபோவைப் பெயரில்லாமல் 1702-இல் படித்திருந்தால் பிடித்திருப்பேனா?

பழைய பேனா: சந்தேகம்தான். நானும் மாட்டியிருப்பேன்.

திங்கள் கூட்டம்: சரி, கூட்டத்துக்கு நேரமாச்சு. அப்புறம் வருகிறேன்.