நாலு பேருக்குச் சேர்த்துப் போட்டால் விமான டிக்கெட் விலை ஏறுகிறதே, ஏன்?

திருநகர் செல்வி: மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிறோம். நானும் வீட்டுக்காரரும், 9 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நாலு பேர் என்று போட்டால் தலைக்கு 5,600 காட்டுகிறது, மொத்தம் 22,400. ஒருத்தர் என்று மாற்றினால் 4,300. அதே விமானம், அதே நாள். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆரப்பாளையம் மணி: திரும்பத் திரும்பத் தேடினால் ஏற்றிவிடுவான் அக்கா. குக்கீஸை அழித்துவிட்டுப் பாருங்கள். எனக்கு ஒருதடவை அப்படித்தான் இறங்கியது.

காளவாசல் டிக்கெட்காரர்: குக்கீஸாக இருந்தால் ஒருத்தருக்கும் ஏறியிருக்க வேண்டுமே தம்பி. பணம் கட்டும் பக்கம் வரை யாராவது போனால் அந்த சீட்டுகள் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கப்படும். கட்டாமல் விட்டால் திரும்பி வரும். நீங்கள் பார்த்த இறக்கம் அதுவாகவும் இருக்கலாம்.

செல்வி கேட்டது வேறு. ஒரே விமானத்தில் எகானமி சீட்டுகளையே பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்த அடுக்கு. நாலு பேரை ஒரே புக்கிங்கில் கேட்டால், நாலு சீட் மொத்தமாக இருக்கும் அடுக்கைத்தான் சிஸ்டம் தேடும். கீழே இரண்டுதான் மிச்சம் என்றால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, நாலு பேரையும் மேல் விலைக்குத் தூக்கிவிடும். இரண்டு பேர், மூன்று பேர் என்று போட்டுப் பாருங்கள், எங்கே ஏறுகிறது என்று தெரியும்.

மாட்டுத்தாவணி பாண்டி: ஆம்னி பஸ்ஸிலும் இந்தக் கொள்ளைதான். முன் சீட்டுக்கு ஒரு விலை, கடைசி சீட்டுக்கு ஒரு விலை.

காளவாசல் டிக்கெட்காரர்: அது சீட்டின் இடத்துக்கு வைத்த விலை அண்ணே. இங்கே பக்கத்துப் பக்கத்து சீட்டே வேறு விலைக்குப் போயிருக்கும்.

திருநகர் செல்வி: பார்த்துவிட்டேன். இரண்டு பேருக்கும் 4,300தான், மூன்றில் 5,600 ஆகிறது. அப்போ இரண்டிரண்டாகப் போட்டால் 8,600, அப்புறம் 11,200. மொத்தம் 19,800. 2,600 மிச்சம்!

காளவாசல் டிக்கெட்காரர்: சரி, ஆனால் பிள்ளைகள் இருவரையும் தனி டிக்கெட்டில் போடாதீர்கள், பெரியவர் துணை இல்லாமல் ஏற்காது. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று ஜோடி சேருங்கள். குறைந்த விலை ஜோடியை முதலில் முடியுங்கள். இடையில் வேறு யாராவது எடுத்துவிட்டால் கணக்கு மாறும்.

அனுப்பானடி பரமேஸ்வரி: நாங்கள் இப்படிப் பிரித்துப் போட்டோம். விமானம் ரத்தானதும் மாமியாரும் நானும் காலை விமானத்தில், மற்றவர்கள் ராத்திரி விமானத்தில். இரண்டு பிஎன்ஆர், இரண்டு குடும்பம் மாதிரி ஆகிவிட்டது. மிச்சமான பணம் டாக்ஸிக்கே போனது.

காளவாசல் டிக்கெட்காரர்: அந்த ஆபத்து உண்டு. கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, சேர்ந்து போகிறோம் என்று இரண்டு பிஎன்ஆரிலும் குறிக்கச் சொல்லலாம். எல்லாரும் செய்து தருவதில்லை.

ஆரப்பாளையம் மணி: நான் இப்போது சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் ஆறு பேருக்கும் ஒரே விலைதான் வருகிறது.

காளவாசல் டிக்கெட்காரர்: அந்த அடுக்கில் ஆறு சீட் இருக்கிறது என்று அர்த்தம். பிரிக்காமல் சேர்த்தே போடுங்கள்.

திருநகர் செல்வி: வீட்டுக்காரர் 2,600க்காகப் பிரிய வேண்டாம் என்கிறார். ராத்திரி பேசிவிட்டுச் சொல்கிறேன், அதுவரை அந்த இரண்டு சீட்டும் இருந்தால்.