ஆள் தேவை என்று போடாத சின்ன கம்பெனிக்கு மெயில்: ஒன்பது அனுப்பியும் பதில் இல்லை, எங்கே தப்பு?

பிரவீன், கோவை

வணக்கம். மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு இடத்தில் இரண்டு வருடமாக ஃபர்ம்வேர் எழுதுகிறேன். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போன் போட்டு ஓட வைக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அதைச் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் சேர ஆசை. பத்து இருபது பேர் வேலை செய்யும் இடங்கள்தான், எங்கேயும் ஆள் தேவை என்று விளம்பரம் கிடையாது. மூன்று வாரத்தில் ஒன்பது பேருக்கு மெயில் போட்டேன், ஒருவரும் பதில் எழுதவில்லை. ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்:

> பொருள்: எம்பெடட் இன்ஜினியர் பணிக்கு விண்ணப்பம்
>
> மதிப்பிற்குரிய ஐயா, நான் இரண்டு வருட அனுபவம் உள்ள இன்ஜினியர். கடினமாக உழைப்பேன், எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். தங்கள் நிறுவனத்தில் பொருத்தமான காலியிடம் இருந்தால் என்னைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் லிங்க்ட்இன் புரொஃபைல், கிட்ஹப், டிரைவ் ஃபோல்டர் ஆகியவற்றின் லிங்க் கீழே.

எதை மாற்ற வேண்டும்?

செந்தில்குமார்

தம்பி, ஒன்பதெல்லாம் ஒரு கணக்கா? ஊரில் உள்ள எல்லா கம்பெனி மெயிலையும் எடுத்து பிசிசியில் போட்டு ஒரே தடவையில் அனுப்புங்கள். அப்புறம் போன் நம்பரை மேலேயே போடுங்கள், சின்ன கம்பெனி ஓனர்கள் மெயிலில் பதில் எழுத மாட்டார்கள், கூப்பிட்டுத்தான் பேசுவார்கள்.

நித்யா

லிங்க்ட்இனில் கனெக்ஷன் ரிக்வெஸ்ட் கொடுத்துவிட்டு அங்கேயே மெசேஜ் அனுப்பலாமே பிரவீன்? நான் பேக்கேஜிங் டிசைனர், எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. ஆனால் டிரைவ் லிங்க் என்றதும் எனக்குப் பக்கென்றது. ஒரு மாதம் முழுக்க டிரைவ் லிங்க்கை அனுப்பிக்கொண்டே இருந்தேன், ஒருநாள் அக்கா போனில் திறந்து பார்த்தால் `You need access` என்று நிற்கிறது. நான் லாகின் ஆகியிருந்ததால் எனக்கு மட்டும் திறந்திருக்கிறது. உங்களுடையதை வேறு ஒருவர் போனில் திறந்து பாருங்கள்.

ராஜாமணி, குறிச்சி சிட்கோ

பிரவீன், நான் பதினான்கு பேரை வைத்து பேனல் போர்டு ஷாப் நடத்துகிறேன். இந்த மெயில் எனக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் `info@` முகவரி. எங்களிடம் அதைத் திறப்பது அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மா. பொருளில் "விண்ணப்பம்" என்று பார்த்ததும் ஆள் எடுக்கவில்லை என்று ஒதுக்கிவிடுவார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. காலியிடம் இல்லாத இடத்தில் காலியிடம் இருந்தால் என்று கேட்டால், இல்லை என்பதுதானே பதில்? நான் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் நான் செய்து விற்கும் பொருளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். பில்லிலோ வாரண்டி கார்டிலோ ஓனருடைய மெயில் இருக்கும், அதைத் தேடி எடுங்கள். செந்தில் சொன்ன போன் நம்பர் சரி, பிசிசி மட்டும் வேண்டாம். பெறுநர் இடத்தில் என் பெயர் இல்லாவிட்டால் மொத்தமாக அனுப்பியது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் மூன்று லிங்க். நான் மெயில் பார்ப்பது போனில், டெஸ்டிங் பெஞ்சுக்கும் டீக்கும் நடுவில். ஒன்றைத்தான் தொடுவேன். லிங்க்ட்இனைத் தொட்டால் பாதி நேரம் லாகின் கேட்கும், அத்தோடு விட்டுவிடுவேன். முழு புரொஃபைலுக்கு லிங்க் கொடுக்காமல், நீங்கள் செய்த ஒரே ஒரு வேலை நேராகத் திறக்கும்படி கொடுங்கள். அப்படி எதுவும் இருக்கிறதா?

பிரவீன், கோவை

ஐயா, மிக்க நன்றி. நித்யா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, தம்பி போனில் அதே `You need access`. இப்போது `Anyone with the link` என்று மாற்றிவிட்டேன். ஒன்பது பேரும் பூட்டிய கதவைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடினால் கரண்ட் இறங்கும், அதை வைத்து ஆஃப் செய்வதுதான் டிரை ரன் கட். ஆனால் ராத்திரியில் வோல்டேஜ் ஏறினால் வெறும் ஓட்டத்திலேயே கரண்ட் கொஞ்சம் கூடிவிடும், ஒரே அளவை செட் செய்த பெட்டி அதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். நான் வோல்டேஜையும் சேர்த்துப் பார்த்து அளவை நகர்த்துகிறேன், சின்ன மோட்டாரில் போட்டு 40 விநாடி வீடியோவும் எடுத்திருக்கிறேன். கம்பெனி பேனல் கோடும் சர்க்யூட்டும் அந்த ஃபோல்டரில் இருக்கின்றன, அவற்றையும் காட்டலாமா?

ராஜாமணி, குறிச்சி சிட்கோ

வேண்டவே வேண்டாம், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது உங்கள் முதலாளியின் சொத்து. இன்னொருத்தர் சர்க்யூட்டை வெளியே வைத்திருக்கும் பையன் நாளைக்கு என்னுடையதையும் வைப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூப்பிட மாட்டேன். டிரை ரன் நீங்கள் வீட்டில் சொந்தமாகச் செய்தது என்றால் அது ஒன்றே போதும்.

செந்தில்குமார்

பிசிசி பற்றி ஐயா சொன்னது சரிதான். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது பிரவீன். நிறைய பெட்டிகளில் இன்னும் 2ஜி மாட்யூல்தான், ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. உங்கள் பொருளில் இந்தக் குறை இருக்கிறது, நான் சரிசெய்து தருகிறேன் என்று நேராக எழுதுங்கள், உடனே கவனிப்பார்கள்.

ராஜாமணி, குறிச்சி சிட்கோ

விஷயம் உண்மைதான், ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஆனால் அது எனக்குத் தெரியாமலா இருக்கும்? 4ஜி மாட்யூல் விலை கூட, விவசாயி அந்த விலைக்கு வாங்குவாரா என்ற கணக்கில் நிறுத்தி வைத்திருப்பேன். முன்பின் தெரியாதவர் முதல் மெயிலிலேயே குறை என்று எழுதினால் கோபம்தான் வரும். 4ஜிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அந்த வேலையும் செய்வேன் என்று ஒரு வரி போடலாம்.

பிரவீன், கோவை

சரி ஐயா. மாற்றி எழுதியது இது:

> பொருள்: ராத்திரி வோல்டேஜிலும் டிரை ரன் கட் ஆகும் போர்டு, 40 விநாடி வீடியோ
>
> வணக்கம் ஐயா. என் மாமா தோட்டத்தில் உங்கள் மொபைல் ஸ்டார்ட்டர்தான் ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் வோல்டேஜுக்கு ஏற்ப டிரை ரன் அளவை நகர்த்தும் ஒரு போர்டை வீட்டில் செய்தேன். அது ஓடும் வீடியோ கீழே இருக்கிறது, லாகின் தேவையில்லை. அரை எச்பி மோட்டாரில்தான் சோதித்திருக்கிறேன், போர்வெல் மோட்டாரில் இன்னும் இல்லை. நீங்கள் இப்போது ஆள் எடுக்கவில்லை என்று தெரியும். ஒரு சனிக்கிழமை 15 நிமிடம் கொடுத்தால் போர்டை எடுத்து வந்து காட்டுகிறேன்.
>
> பிரவீன், போன் நம்பர்

ராஜாமணி, குறிச்சி சிட்கோ

இதை நான் திறப்பேன். போர்வெல்லில் சோதிக்கவில்லை என்று சொன்ன வரியை எடுக்காதீர்கள், எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது அங்கேதான். மாமா தோட்டம் ஒருவருக்குத்தான் பொருந்தும், மற்றவர்களுக்கு அவரவர் பொருளைப் பார்த்து வேறு வரி எழுதுங்கள். பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நித்யா

பிரவீன், உங்கள் லிங்க்ட்இன் தலைப்பில் என்ன இருக்கிறது? மெயிலில் டிரை ரன் போர்டு, புரொஃபைலில் "வேலை தேடும் புதியவர்" என்று இருந்தால் பெயரைத் தேடிப் பார்ப்பவர் குழம்பிவிடுவார்.

பிரவீன், கோவை

அதேதான் இருந்தது நித்யா, மாற்றிவிட்டேன். இன்னொரு பயம் ஐயா. இந்தத் தொழிலில் ஓனர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம். என் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டால்?

ராஜாமணி, குறிச்சி சிட்கோ

கேட்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி எழுதலாம், அதை மதிப்பார்களா என்பது ஆளைப் பொறுத்தது.

செந்தில்குமார்

அந்த வரி எழுதினால் ஏதோ மறைக்கிறார் என்று நினைப்பார்கள், நான் எழுத மாட்டேன்.

பிரவீன், கோவை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அந்த வரி இல்லாமல் நான்கு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினேன். ஒருவர் மறுநாளே போன் போட்டார், வேலை என்று எதுவும் சொல்லவில்லை. 5 எச்பி போர்வெல் மோட்டார் ஒன்றைத் தருகிறேன், அதில் போர்டைப் போட்டுக் காட்டு என்றார். இந்தச் சனிக்கிழமை போகிறேன். மற்ற மூவரிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை.