1970-க்குப் போன டிவி: உங்க வீட்லயும் நடந்திருக்கா?

குடியாத்தம் தறிக்காரன்
போன செவ்வாய் எங்க ஏரியாவுல பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்டை எடுத்தாங்க, சாயந்திரம் 5 மணிக்குத்தான் வந்துச்சு. ராத்திரி 7 மணிக்கு டிவியைப் போட்டா ஒரு ஆப்பும் திறக்கல. வட்டம் மட்டும் சுத்துது. வைஃபை பிடிச்சிருக்கு, ஆனா அதுக்குக் கீழே இன்டர்நெட் இல்லைன்னு காட்டுது. அதே வைஃபையில போன் ஜம்முனு ஓடுது. மச்சான் வந்து டிவியை ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டுப் போனான். அதுக்கப்புறம் லாகின் பக்கமே வரல, இருந்ததும் போச்சு.

டிவி பிரவுசர்ல ஒரு சைட்டைத் திறந்தா `NET::ERR_CERT_DATE_INVALID`. எனக்கு அதுல ஒண்ணும் விளங்கல. எங்கம்மாதான், "இருட்டிப் போச்சு, டிவியில ஏண்டா 5:41-ன்னு காட்டுது?"ன்னாங்க. போய்ப் பார்த்தா தேதி 1970 ஜனவரி 1!

`Settings > Device Preferences > Date & time` போய் ஆட்டோமேட்டிக்கை ஆஃப் பண்ணி, வருஷத்தை 1970-லிருந்து ரிமோட்ல ஒவ்வொண்ணா ஏத்தினேன். விரல் வலிச்சதுதான் மிச்சம்னு நெனைச்சேன், ஆனா எல்லா ஆப்பும் திறந்துடுச்சு. மறுநாள் பிளக்கைப் பிடுங்கி மாட்டினா மறுபடி 1970.

சத்துவாச்சாரி
டிவிக்குள்ள பேட்டரி போயிருக்கும். கம்ப்யூட்டர்ல காசு மாதிரி ஒண்ணு இருக்குமே, அதை மாத்துங்க, சரியாயிடும்.

காட்பாடி சர்வீஸ்
கம்ப்யூட்டருக்கு நீங்க சொல்றது சரி சார். நான் பிரிச்சுப் பார்த்த டிவி போர்டுகள்ல பெரும்பாலும் அந்த பேட்டரியே கிடையாது. பிளக்கைப் பிடுங்கினா நேரம் மறந்துடும். ஆன் ஆனதும் நெட்ல இருக்கற டைம் சர்வரைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கும்.

தம்பி, அந்த 5:41-லயே விஷயம் இருக்கு. இந்த மெஷின்களுக்கு நேரம் தொடங்கறது 1970 ஜனவரி 1, கிரீன்விச் கணக்குல நடு ராத்திரி. நம்ம ஊர் நேரத்துல அது காலை 5:30. அப்போ டிவி ஆன் ஆகி 11 நிமிஷம், அதுவரைக்கும் யாரும் நேரம் சொல்லல. ஆப் போய் சேர்ற சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். அதுல இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். டிவி 1970-ல நின்னா, அது இன்னும் செல்லுபடி ஆகாத சான்றிதழ். கதவைச் சாத்திடும். நெட் இருக்கான்னு சோதிக்கறதும் அதே வழியா போறதால இன்டர்நெட் இல்லைன்னும் சொல்லிடும். ரீசெட் பண்ணாலும் கடிகாரம் திருந்தாது.

டைம் கேக்கறதுக்கு மட்டும் சான்றிதழ் வேணாம், யூடிபி 123-ன்னு தனி வழி. அதுதான் எங்கயோ அடைஞ்சிருக்கு. இல்லைன்னா மோடம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே டிவி கேட்டுட்டு சும்மா இருந்துடுது. மோடம் நல்லா ஓடறப்ப டிவியை மட்டும் ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க. அதுக்கும் மசியலைன்னா போன் ஹாட்ஸ்பாட்ல கோர்த்து, ஆட்டோமேட்டிக்கை மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க.

வாலாஜா மாமா
எங்க வீட்ல செட்டாப் பாக்ஸ்ல டைம் கரெக்டா காட்டுதே? அதிலிருந்து எடுத்துக்காதா?

காட்பாடி சர்வீஸ்
அது பாக்ஸோட கடிகாரம் மாமா. எச்டிஎம்ஐ ஒயர்ல படமும் சத்தமும் வந்தாலும், அந்த நேரத்தை டிவி எடுத்துக்காது.

ஆம்பூர் அக்கா
எங்க டிவி 2014-ல வாங்கினது. தேதி, நேரம் எல்லாம் சரி. ஆனாலும் ஒரு ஆப் மட்டும் சான்றிதழ் காலாவதின்னு சொல்லுது. என் பையன் தேதியை 2021 ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப் பார்த்தான், அப்பவும் வரல.

காட்பாடி சர்வீஸ்
அக்கா, உங்களுது வேற கதை. டிவிக்குள்ள நம்பிக்கையான மூல சான்றிதழ்னு ஒரு பட்டியல் இருக்கும், அதை வச்சுத்தான் சர்வர் காட்டற சான்றிதழை நம்பலாமான்னு டிவி பார்க்கும். நிறைய சைட்டுங்க நம்பியிருந்த `DST Root CA X3` 2021 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சுது. புது மூலம் அப்டேட் வழியாத்தான் வரணும். தேதியைப் பின்னாடி தள்ளினா, சர்வரோட இன்றைய சான்றிதழ் 2021-ல பொறக்கவே இல்லை, அதனால அதுவும் மறுக்கும். உங்க டிவியில அதுதானான்னு பார்க்காம சொல்ல முடியாது. கம்பெனி அப்டேட் நின்னுபோச்சுன்னா, ஆப் ஓடற ஸ்டிக் ஒண்ணு தனியா வாங்கி டிவியில சொருகறதுதான் செலவு கம்மி.

ஆம்பூர் அக்கா
ஸ்டிக்கா? நான் டிவி நல்லாத்தானே இருக்குன்னு பார்த்தேன்.

குடியாத்தம் தறிக்காரன்
அண்ணே, ரெண்டும் பண்ணிட்டேன். மோடம் ஓடிகினு இருக்கறப்ப டிவியை மட்டும் ஆஃப் பண்ணிப் போட்டேன், கால் மணி நேரம் ஆகியும் 1970-தான். ஹாட்ஸ்பாட் கொடுத்தேன், அரை நிமிஷத்துல நேரம் சரியாயிடுச்சு. அப்புறம் வீட்டு வைஃபைக்கு மாத்தினாலும் ஆப்பெல்லாம் ஓடுது. கனெக்‌ஷன்காரங்களைக் கேட்டா "நாங்க எதையும் அடைக்கல சார்"ங்கறாங்க.

காட்பாடி சர்வீஸ்
மோடம் ஃபயர்வால் எந்த லெவல்ல இருக்குன்னு பாருங்க. `High`-ல இருந்தா ஒரு படி இறக்கி, பிளக்கைப் பிடுங்கி மாட்டிச் சோதிங்க.

குடியாத்தம் தறிக்காரன்
மோடத்துக்கு பாஸ்வேர்ட் என்கிட்ட இல்ல. கேட்டிருக்கேன், ஆள் அனுப்பறோம்னாங்க. அதுவரைக்கும் கரண்ட் போனா அம்மா என் போனைத்தான் முதல்ல தேடறாங்க.